மூன்று வருஷம் நான் நம்பிய வெள்ளைக் கேபிள்

போன வாரம் புதுச்சேரியிலிருந்து மாமா பையன் போன் செய்து கேட்டான்: "அண்ணே, போன்ல இருக்குற வீடியோவ லேப்டாப்புக்கு மாத்த கேபிளா, வைஃபையா, எது வேகம்?" ஒரு மாசம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் கேபிள் என்று சொல்லியிருப்பேன். இப்போது, "எந்த கேபிள்?" என்று திருப்பிக் கேட்டேன்.

மாசி மகத்துக்கு கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மணி நேரம் 4கே வீடியோ எடுத்தேன். 22 ஜிபி. போன் டப்பாவில் வந்த வெள்ளைக் கேபிளில் மாற்றினால் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். விநாடிக்கு 37 எம்பி. மூன்று வருஷமாக இதே 37தான். போன் பழசாகிவிட்டது, லேப்டாப் சரியில்லை என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கடல் மணலும் உப்புக் காற்றும் சேர்ந்து சார்ஜ் போர்ட்டே போய்விட்டது. மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் போர்ட்டை மாற்றி வாங்கினேன். வீட்டில் பார்த்தால் மறுபடி 37. மட்டமான பார்ட் போட்டுவிட்டான் என்று கோபமாகத் திரும்பப் போனேன். கடைப் பையன் ஒன்றும் பேசாமல் தன் மேசையிலிருந்த தடித்த கேபிளை என் லேப்டாப்பில் செருகினான். 180ஐத் தொட்டது. "போர்ட் நல்லாத்தாண்ணே இருக்கு. உங்களது சார்ஜ் போடுற கேபிள்," என்றான்.

டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டும்தான். உள்ளே ஓடும் கம்பிகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. யுஎஸ்பி 2.0 கேபிளில் டேட்டாவுக்கு ஒரே ஒரு ஜோடிக் கம்பி. கணக்குப்படி 480 எம்பிபிஎஸ். அது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால்தான் எம்பி. கையில் கிடைப்பது விநாடிக்கு 35 முதல் 40 எம்பி. யுஎஸ்பி 3 கேபிளில் கூடுதல் ஜோடிகள் இருக்கும், வேகம் 5 ஜிபிபிஎஸ்ஸில் ஆரம்பிக்கும். அவ்வளவு விலைக்கு போனை விற்றுவிட்டு, போர்ட்டின் வேகத்தில் கால்வாசிகூடத் தராத கேபிளை டப்பாவில் வைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளலாம். பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். வேகம் ஏறி இறங்காமல் 35-40க்குள் கோடு போட்டதுபோல் நின்றால் 2.0தான். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தட்டலாம்:

```
lsusb -tv
```

போனுக்கு நேரே `480M` என்று வந்தால் 2.0, `5000M` என்று வந்தால் 3. ஆனால் கேபிள் வாங்கும் முன் போனின் போர்ட் எது என்று பாருங்கள். நடுத்தர விலை போன்கள் பலவற்றில் போர்ட்டே 2.0. அதற்குப் புதுக் கேபிள் தண்டச் செலவு.

போர்ட் செத்துக் கிடந்த நாட்களில் வேறு வழியில்லாமல் வைஃபைக்குப் போனேன். முதலில் போன், லேப்டாப் இரண்டையும் வீட்டு ரவுட்டரில் இணைத்து லோக்கல்செண்ட் என்ற ஆப்பில் அனுப்பினேன். 25ஐத் தாண்டவில்லை. போனிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தரம், ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தரம் என்று ஒரே டேட்டா காற்றில் இரண்டு முறை போகிறது, அதனால் வேகம் பாதியாகிறது. பிறகு போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு, அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, லேப்டாப்பை நேராக இணைத்தேன். 50க்கு மேல்! 22 ஜிபி ஏழு நிமிஷத்தில் முடிந்தது. மூன்று வருஷம் நம்பிய கேபிளைவிட வேகம். மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். ஃபைல் மாற்ற அது தேவையில்லை, விட்டுவைத்தால் லேப்டாப் அப்டேட் இறக்கித் தீர்த்துவிடும்.

கிளவுட் பக்கம் நான் போகவே இல்லை. கூகுளின் இலவச இடமே 15 ஜிபி, அதிலும் மெயிலுக்குப் பங்கு. 22 எங்கே நுழையும்? இடம் இருந்தாலும் என் வீட்டு 40 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்றவே ஒன்றேகால் மணி நேரம், இறக்குவது தனி. ஊரில் இருப்பவருக்கு அனுப்ப சரி, பக்கத்து மேசைக்கு எதற்கு?

எழுநூறு ரூபாய்க்கு நல்ல கேபிள் வாங்கினேன். அதே 22 ஜிபி இரண்டு நிமிஷம். அதற்கு மேல் வேகம் வீட்டில் வேறு எதிலும் வராது. ஆனால் விண்டோஸில் போனைத் திறந்தால் எம்டிபி என்ற ஃபைல் மாற்றும் முறை வழியாகத்தான் பேசும். மூவாயிரம் போட்டோ இருக்கும் ஃபோல்டரைக் காப்பி போட்டால் எண்ணி முடிக்கவே டீ ஆறிவிடும். நடுவில் கேபிள் லேசாக ஆடினால் போச்சு, அந்த ஃபைல் முதலிலிருந்து. போனில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, லேப்டாப்பில் adb என்ற கருவியைப் போட்டு இப்படி எடுத்தால் அந்த எண்ணும் தொல்லை இல்லை:

```
adb pull -a /sdcard/DCIM/Camera D:\masi
```

மாமா பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நீங்க கேபிள்லதான் போடுறீங்களா?" என்றான். இல்லை, ஹாட்ஸ்பாட்தான். ஐந்து நிமிஷம் கூடப் போனால் போகட்டும், புதுப் போர்ட்டில் தினமும் செருகிப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. வெள்ளைக் கேபிள் அம்மா போனுக்கு சார்ஜ் போடுகிறது.