மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களில் ஒருவர் இறந்தால் வீடு யாருக்கு? ஒரே குடும்பம், மூன்று சட்டங்கள்

சேகரும் மாலதியும் பத்து வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏழு வயதில் ஒரு மகள். சேர்ந்து வாழ்வது என்று முடிவான பிறகு, மூவரும் குடியிருக்கத்தான் வீடு வாங்கினார்கள். ஆனால் பத்திரம் சேகர் பெயரில் மட்டும். மாதத் தவணை அவர் சம்பளத்தில் போகும்; மளிகை, மின்சாரம், குழந்தையின் செலவு எல்லாம் மாலதியின் சம்பளத்தில். மகள் பிறந்ததும் மூன்று வருடம் மாலதி வேலையை விட்டிருந்தார். இன்று வீட்டின் மதிப்பு 4 லட்சம் யூரோ, கடன் பாக்கி 1 லட்சம். உயில் எழுதாத நிலையில் சேகர் திடீரென இறந்துவிடுகிறார்.

இது நான் கற்பனையாக அமைத்துக்கொண்ட குடும்பம். இதே குடும்பத்தை இங்கிலாந்து, சுவீடன், பிரான்ஸ் ஆகிய மூன்று நாட்டுச் சட்டங்களுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கப் போகிறேன். சேர்ந்து வாழ்பவர்களைச் சட்டம் எப்படி நடத்தலாம் என்பதற்கு இந்த மூன்றும் மூன்று வேறு பதில்கள். பிரிந்து போகும்போது என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மரணத்தின்போது என்ன ஆகும் என்று கேட்டால்தான் வித்தியாசம் முழுதாகத் தெரியும்.

இங்கிலாந்து: சட்டம் ஒதுங்கி நிற்கிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் அது தானாகத் திருமணத்துக்குச் சமமாகிவிடாது. இத்தனை வருடம் ஆனால் சட்டப்படி மனைவி என்று அங்கே பலர் இன்றும் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. (ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், அது இந்தக் கணக்கில் வராது.)

உயில் இல்லாததால் சேகரின் சொத்து முழுவதும் மகளுக்குப் போகிறது. அவளுக்கு 18 வயது ஆகும்வரை அது அறக்கட்டளை முறையில் அவளுக்காக நிர்வகிக்கப்படும். மாலதிக்கு வாரிசு என்ற முறையில் ஒரு பென்னி கிடையாது. அவருக்கு இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன.

முதல் வழி, 1975-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம். இறப்புக்கு முந்தைய இரண்டு வருடம் முழுக்க ஒரே வீட்டில் தம்பதியைப் போல வாழ்ந்தவர், இறந்தவரின் சொத்திலிருந்து தன் வாழ்க்கைச் செலவுக்கு நியாயமான தொகை கேட்டு நீதிமன்றம் போகலாம். சொத்தை நிர்வகிக்க அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கிடைப்பதும் பராமரிப்புக்குத் தேவையான அளவுதான். மணமான மனைவிக்கு நீதிமன்றம் பார்க்கும் அளவுகோல் இதைவிடத் தாராளமானது. இதில் என் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. சொத்து மகளுடையது என்பதால், மாலதி பெறும் ஒவ்வொரு பவுண்டும் தன் ஏழு வயது மகளின் பங்கிலிருந்துதான் வர வேண்டும். தாய் ஒரு பக்கம், மகள் சார்பாக வேறொருவர் மறுபக்கம் என்று வழக்கு நிற்கும்.

இரண்டாவது வழி, வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று நிரூபிப்பது. இருவரும் வீட்டைப் பங்கிட்டுக்கொள்வதாகவே நினைத்திருந்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். இது எவ்வளவு கடினம் என்பதற்கு 1984-இல் தீர்ப்பான பர்ன்ஸ் வழக்கு சாட்சி. வழக்குத் தொடுத்த பெண் ஒரு ஆணோடு 19 வருடம் மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவர். அந்த ஆணின் பெயரைத் தன் பெயரோடு வைத்துக்கொண்டவர். இரண்டு குழந்தைகளை வளர்த்தவர். வீடு அந்த ஆணின் பெயரில் மட்டும் இருந்தது. வீட்டு வேலையும் குழந்தை வளர்ப்பும் வீட்டில் பங்கு தராது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு வந்த தீர்ப்புகள், குறிப்பாக 2007-இலும் 2011-இலும் வந்தவை, கணக்கைக் கொஞ்சம் தளர்த்தின. ஆனால் பத்திரம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், பங்கிடும் எண்ணம் இருந்தது என்று காட்டும் சுமை இன்னும் மற்றவர் தலையில்தான்.

இத்தனைக்கும் தடுப்பு மிக எளிது. வீடு வாங்கும்போதே இருவர் பெயரிலும் கூட்டு உரிமையாக வாங்கி, ஒருவர் இறந்தால் மற்றவருக்குப் போகும் வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், உயில் இல்லாமலேயே வீடு முழுவதும் மாலதிக்கு வந்திருக்கும். அல்லது சேகர் ஒரு உயில் எழுதியிருக்கலாம். இங்கிலாந்தில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

சுவீடன்: பதியாமலே காப்பு, ஆனால் கேட்க வேண்டும்

சுவீடனில் சேர்ந்து வாழ்பவர்களுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1987-இல் வந்து, 2003-இல் புதுப்பிக்கப்பட்டது. எங்கும் பதிவு செய்ய வேண்டாம். நிரந்தரமாக, ஒரே குடும்பமாக, ஜோடியாக வாழ்ந்தால் போதும்.

அதன் மையம் ஒரே ஒரு விதி. இருவரும் சேர்ந்து பயன்படுத்துவதற்காக வாங்கிய வீடும் வீட்டுச் சாமான்களும், யார் பெயரில் இருந்தாலும், உறவு முடியும்போது பாகப்பிரிவினைக்கு உட்படும். நம் கணக்கில் வீட்டின் 4 லட்சத்திலிருந்து கடனைக் கழித்தால் 3 லட்சம். அதில் பாதி, 1.5 லட்சம், மாலதிக்கு. மறுபாதியும் சேகரின் மற்றச் சேமிப்புகளும் மகளுக்கு. வீட்டு வேலை செய்தாரா, தவணை கட்டினாரா என்ற விசாரணையே இல்லை. பர்ன்ஸ் வழக்கில் 19 வருட உழைப்புக்குக் கிடைக்காதது இங்கே வழக்கே இல்லாமல் கிடைக்கிறது. உரிமையை அளவிடுவதற்கு இதுதான் நேர்மையான முறை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, காலக்கெடு. பாகப்பிரிவினை வேண்டும் என்று மாலதியே கேட்க வேண்டும். இறந்தவரின் சொத்துக் கணக்கெடுப்பு பொதுவாக மூன்று மாதத்துக்குள் நடக்கும். அது முடிவதற்குள் கேட்டிருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர் அதைத் தவறவிட்டால் பங்கு போய்விடும். பிரிந்து போனவர்களுக்கு அந்தக் கெடு ஒரு வருடம்.

இரண்டாவது, வீடு எப்போது, எதற்காக வாங்கப்பட்டது என்பது. சேகர் மாலதியைச் சந்திப்பதற்கு முன்பே வாங்கிய வீடாகவோ, பெற்றோரிடமிருந்து வந்த வீடாகவோ இருந்தால் மாலதியின் பங்கு பூஜ்யம், இருபது வருடம் அதில் வாழ்ந்திருந்தாலும். வங்கிச் சேமிப்பு, பங்குகள், விடுமுறை வீடு எதுவும் கணக்கில் வராது.

மூன்றாவது, இதைத் திருமணத்தோடு குழப்பிக்கொள்வது. பாகப்பிரிவினை வேறு, வாரிசுரிமை வேறு. சுவீடனிலும் மாலதி சேகரின் வாரிசு அல்ல.

திருமணம் வேண்டாம் என்று தெரிந்தே முடிவு செய்தவர்கள் மீது சட்டம் ஏன் திருமணத்தின் கடமைகளைச் சுமத்த வேண்டும் என்று ஒரு எதிர்வாதம் உண்டு. நியாயமான கேள்விதான். சுவீடன் அதற்கு வைத்திருக்கும் பதில்: இந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட்டால் பாகப்பிரிவினை இல்லை. எழுத வேண்டிய பொறுப்பு, விலகிக்கொள்ள விரும்புபவர்கள் மீது விழுகிறது.

பிரான்ஸ்: பதிவு செய்தால் ஒரு நிலை, செய்யாவிட்டால் இன்னொரு நிலை

பிரான்ஸ் 1999-இல் பாக்ஸ் என்ற ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. நகராட்சி அலுவலகத்திலோ நோட்டரியிடமோ பதிவு செய்யலாம். ஒருவர் மட்டும் அறிவித்துக்கூட முடித்துக்கொள்ளலாம். திருமணத்துக்கும் வெறுமனே சேர்ந்து வாழ்வதற்கும் இடைப்பட்ட படி அது.

சேகரும் மாலதியும் எதுவும் பதிவு செய்யவில்லை என்றால், முடிவு இங்கிலாந்தைப் போலத்தான்: எல்லாம் மகளுக்கு. உயில் எழுதியிருந்தால்? பிரெஞ்சுச் சட்டப்படி ஒரே குழந்தை இருந்தால் சொத்தில் பாதி அந்தக் குழந்தைக்கென ஒதுக்கப்பட்டது. உயிலால் தொட முடியாது. வீட்டை மட்டும் கணக்கில் எடுத்தால், மாலதிக்கு அதிகபட்சம் 1.5 லட்சம் எழுதலாம். ஆனால் பதிவில்லாத துணை வரிச் சட்டத்தின் பார்வையில் அந்நியர். மிகச் சிறிய கழிவுக்குப் பிறகு 60 சதவீத வாரிசு வரி. 1.5 லட்சத்தில் சுமார் 89,000 யூரோ அரசுக்குப் போய்விடும்.

அதே உயிலோடு பாக்ஸ் பதிவும் இருந்தால், 2007 முதல் அந்த வரி பூஜ்யம். 1.5 லட்சமும் மாலதிக்கு. ஒரு பதிவுக்கு இத்தனை மதிப்பு.

பலர் ஏமாறுவது வேறொரு இடத்தில். பாக்ஸ் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று உயில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பாக்ஸ் யாரையும் வாரிசு ஆக்குவதில்லை. உயில் இல்லாவிட்டால் மாலதிக்குக் கிடைப்பது அந்த வீட்டில் ஒரு வருடம் இலவசமாகக் குடியிருக்கும் உரிமை மட்டுமே. பாக்ஸும் உயிலும் இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

இந்த மூன்றில் எது மேல் என்று என்னைக் கேட்டால், எதையும் எழுதி வைக்காத ஜோடிக்கு சுவீடன். திட்டமிட்டு எழுதி வைக்கும் ஜோடிக்கு பிரான்ஸ். எதையும் எழுதாமல், வீட்டையும் குழந்தையையும் கவனித்துக்கொண்ட துணைக்கு இங்கிலாந்தும் பிரான்ஸும் கடுமையானவை.

மகளின் நிலை

மகளைப் பொறுத்தவரை மூன்று நாடுகளும் ஒன்றுதான்: பெற்றோர் மணமானவர்களா என்பது அவளுடைய வாரிசுரிமையைக் குறைக்காது. இது எளிதாக வந்ததல்ல. மணமான ஒருவருக்கு வேறொரு உறவில் பிறந்த குழந்தைக்குப் பாதிப் பங்குதான் என்று பிரான்ஸ் வைத்திருந்த விதியை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2000-இல் கண்டித்த பிறகே, 2001-இல் அந்த விதி நீங்கியது.

ஆனால் உரிமை சமம் என்றாலும், தந்தை யார் என்பது பதிவாகியிருக்க வேண்டும். மணமான தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்குக் கணவரே தந்தை என்று சட்டம் தானாக எடுத்துக்கொள்கிறது. சேகருக்கு அந்த வசதி மூன்று நாட்டிலும் இல்லை. பாக்ஸ் பதிவும் இதில் உதவாது.

இங்கிலாந்தில் தந்தை பெயர் பிறப்புப் பதிவில் ஏற, பொதுவாக இருவரும் சேர்ந்து போய்ப் பதிவு செய்ய வேண்டும். 2003 டிசம்பர் 1 முதல் அப்படிப் பெயர் ஏறிய தந்தைக்குப் பெற்றோர் பொறுப்பும் சேர்ந்தே கிடைக்கிறது: பள்ளி, மருத்துவம் போன்றவற்றில் முடிவெடுக்கும் உரிமை. பெயர் ஏறாதவர் தாயின் சம்மதத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும். சுவீடனில் தந்தைமையை இருவரும் உறுதிப்படுத்த வேண்டும். 2022 முதல் இதை இணையத்திலும் செய்யலாம்.

பிரான்ஸில் சேகர் நகராட்சி அலுவலகத்தில் குழந்தையைத் தன் குழந்தை என்று ஏற்றுக்கொண்டு கையெழுத்திட வேண்டும். குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் செய்தால் பெற்றோர் அதிகாரம் இருவருக்கும். தாண்டிவிட்டால் அது தாயிடம் மட்டுமே நிற்கும். பிறகு கூட்டு அறிவிப்போ நீதிபதியின் உத்தரவோ தேவை.

இப்படி ஏற்றுக்கொள்வதைக் குழந்தை பிறப்பதற்கு முன்பே, கர்ப்ப காலத்திலேயே செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. செய்வது நல்லது. ஏற்றுக்கொள்ளாமலே தந்தை இறந்துவிட்டால், தந்தைமையை நிரூபிக்கும் வேலை தாய் தலையிலும் குழந்தை தலையிலும் விழும். உயிரோடு இருந்தபோது அவரே வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால் தவிர, இறந்தவரின் உடலிலிருந்து மரபணுச் சோதனை எடுக்க பிரெஞ்சுச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்போது கடிதங்கள், புகைப்படங்கள், அக்கம்பக்கத்தார் சாட்சியம் போன்றவற்றை வைத்துத்தான் அந்தக் குழந்தை தன் பங்கைக் கேட்க வேண்டியிருக்கும்.