பாக்கி வயதுச் சார்ட்: பில் தேதியா, கெடு தேதியா?

வர வேண்டிய பாக்கி எத்தனை நாள் பழையது என்று 1–30, 31–60 எனக் கட்டம் பிரித்துக் காட்டும் சார்ட் இது. நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதுதான் கேள்வி. ஏப்ரல் 1-இல் போட்ட பில், 45 நாள் கடன் என்றால் கெடு மே 16. மே 20-இல் சார்ட் எடுத்தால்:

பில் தேதிப்படி: 49 நாள், 31–60 கட்டத்தில் விழும்.
கெடு தேதிப்படி: 4 நாள் தாமதம், 1–30 கட்டத்தில் விழும்.

தயாரிப்பு: பில் தேதி எல்லா பில்லிலும் இருக்கும். கெடு தேதிக்கு வாடிக்கையாளர்வாரியாகக் கடன் நாட்களைப் பதிய வேண்டும். எக்செலில் H1-இல் சார்ட் எடுக்கும் தேதி, D-இல் கெடு தேதி:

```
=$H$1-D2
```

D காலியாக இருந்தால் விடை நாற்பதாயிரத்தைத் தாண்டும். நேற்றுப் போட்ட பில்கூட 90+ கட்டத்தில் போய் உட்காரும். அந்தத் தூண் திடீரென உயர்ந்தால் முதலில் இதைப் பாருங்கள். விடை 0 அல்லது மைனஸ் என்றால் 'கெடு வரவில்லை' என்று தனிக் கட்டம் கொடுங்கள்.

வசூல்: பில் தேதிச் சார்ட்டை வைத்துப் போன் செய்தால், 60 நாள் கெடு உள்ளவரை 50-ஆம் நாளிலேயே நச்சரிப்போம். தினசரி வசூலுக்குக் கெடு தேதிதான் சரி.

ஜிஎஸ்டி: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். 150 நாள் தாண்டியவரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பட்டியலுக்கு மட்டும் பில் தேதி.