வளர்ச்சி அட்டையில் சிவப்புக் கோட்டைக் காட்டிப் பணம் பிடுங்குகிறார்கள்

குடியிருப்பு வளாகங்களில் "இலவசக் குழந்தை வளர்ச்சிப் பரிசோதனை" என்று பேனர் கட்டி முகாம் போடுகிறவர்களைப் பற்றியது இந்தப் பதிவு. எங்களிடம் 18,000 ரூபாய் பேக்கேஜ் பேசி, 6,000 முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பணத்தைவிட, ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காமல் செய்ததுதான் எனக்கு ஆத்திரம்.

என் மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. முகாமில் ஒரு மேஜையில் அவளைப் படுக்க வைத்து, டெய்லர் டேப்பால் நீளம் பார்த்தார்கள். 69.5 செ.மீ. அதே டேப்பால் தலையைச் சுற்றி அளந்ததில் 42.8. பிறகு ஒரு வரைபடத் தாளில் இரண்டு புள்ளி வைத்து, இரண்டுமே கீழே இருந்த சிவப்புக் கோட்டுக்கும் கீழே விழுந்ததைக் காட்டினார் கவுன்சிலர் என்று சொல்லிக்கொண்ட பெண். "மேடம், 50 எடுத்தாதான் நார்மல். உங்க பொண்ணு 3 கூட எடுக்கலை. தலை சின்னதா இருக்குன்னா மூளை வளரலைன்னு அர்த்தம். இப்பவே பவுடர் ஆரம்பிக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற என் மாமியார் அழவே ஆரம்பித்துவிட்டார். அந்த நிலையில் பணம் கைமாற எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தத் தாளை அப்படியே எங்கள் குழந்தை மருத்துவரிடம் எடுத்துப் போனோம். அவர் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை, முதலில் தலைப்பைப் பார்த்தார். "என்னம்மா இது, பையன் சார்ட்ல போட்டிருக்காங்க?"

உலக சுகாதார நிறுவனம் 2006-லும் 2007-லும் வெளியிட்ட வரைபடங்கள்தான் நம் ஊரிலும் ஐந்து வயது வரை புழக்கத்தில் இருக்கின்றன. பையன்களுக்கு நீலத் தாள், பெண் குழந்தைகளுக்கு இளஞ்சிவப்புத் தாள். ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறம்தான், ஆனால் எண்கள் வேறு. ஒரு வயதுப் பையனின் நடுக்கோடு நீளத்தில் 75.7 செ.மீ., தலையில் 46.1. பெண் குழந்தைக்கு 74.0, 44.9. கீழ்க்கோடு பையனுக்கு நீளத்தில் 71-ஐத் தாண்டியும் தலையில் 43.6-லும் ஓடுகிறது, பெண்ணுக்கு 69.2, 42.4. அதாவது அந்த மட்டமான அளவையே வைத்துக்கொண்டாலும், சரியான தாளில் என் மகள் இரண்டு கோட்டுக்கும் மேலேதான் இருக்கிறாள். அங்கேயே அவர்கள் வியாபாரம் முடிந்துவிடுகிறது.

அந்தக் கோடுகளின் எண்ணை மார்க் மாதிரிச் சொன்னதுதான் பெரிய பித்தலாட்டம். 3, 15, 50, 85, 97 என்று போட்டிருப்பது பெர்சன்டைல். ஒரே வயதில் ஆரோக்கியமான நூறு பெண் குழந்தைகளை உயரப்படி வரிசையில் நிறுத்தினால், 15-ஆவது கோட்டில் இருப்பவளைவிடக் குள்ளமாகச் சுமார் 15 பேர் இருப்பார்கள் என்பதுதான் அதன் பொருள். 50 என்பது பாஸ் மார்க் இல்லை, வரிசையின் நடு. நூறில் பாதிப் பேர் எப்போதுமே அதற்குக் கீழேதான் நிற்க முடியும். அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழேகூட நூற்றுக்கு மூன்று ஆரோக்கியமான குழந்தைகள் இருக்கத்தான் செய்வார்கள். கீழே போனால் மருத்துவர் கவனித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அது நோயின் பெயர் கிடையாது.

அப்புறம் மருத்துவர் தானே மறுபடி அளந்தார். இன்ஃபான்டோமீட்டர் என்று ஒரு பலகை. ஒரு முனையில் நிலையான தட்டு, மறுமுனையில் நகரும் தட்டு. நர்ஸம்மா குழந்தையின் உச்சந்தலையை ஒரு தட்டோடு ஒட்டிப் பிடிக்க, மருத்துவர் முழங்காலை மெதுவாக அழுத்தி நீட்டி, பாதத்தில் மறுதட்டைக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு ஆள் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. 71.2 வந்தது. முகாமில் குழந்தை காலை மடக்கி உதைத்துக்கொண்டு அழுதபோது, ஒருத்தரே டேப்பைப் பிடித்து அளந்ததில் காணாமல் போனது கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர். (இரண்டு வயது வரை படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். நிற்க வைத்தால் 0.7 செ.மீ. அளவு குறைவாக வரும்.) தலைக்கு, நீளாத டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையில் அதிகம் புடைத்த இடம் வழியாகச் சுற்றி, மூன்று தரம் பார்த்து அதில் பெரிய அளவை எடுத்தார். 43.2. நெடுநாள் இழுபட்டு நீண்டுபோன துணி டேப் அளவைக் குறைத்துத்தான் காட்டும் என்றார்.

அடுத்து அவர் கேட்டது முகாமில் ஒருத்தரும் கேட்காத கேள்வி: எத்தனை வாரத்தில் பிறந்தாள்? 35 வாரம். 40-க்கு ஐந்து வாரம் முன்னால். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் அவள் வயது ஏறத்தாழ 11 மாதம். அந்த வயதுக்குப் பெண் குழந்தைகளின் நடு அளவு நீளத்தில் 72.8, தலையில் 44.6. இவள் நீளம் 15-க்கும் 50-க்கும் இடையில், தலை 15-ஆவது கோட்டை ஒட்டி.

அதோடு விடாமல் பழைய குறிப்புகளையும் எடுத்தார். ஆறாம் மாதம் தலை 40.1, ஒன்பதாம் மாதம் 42. இதே மாதிரி வாரங்களைக் கழித்துப் புள்ளி வைத்தால் மூன்றும் ஒரே கோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. ஒரு புள்ளியை விட இந்த ஓட்டம்தான் முக்கியம் என்றார். ஒரு குழந்தை 50-இல் இருந்து சில மாதத்தில் 3-க்குப் பக்கத்தில் இறங்கினால், அது இன்னும் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே இருந்தாலும் காரணம் தேட வேண்டும். தலை வேகமாகக் கோடுகளைத் தாண்டி மேலே ஏறினாலும் அப்படித்தான். கூடவே உச்சிக்குழி புடைப்பு, வாந்தி, சோர்வு இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். சின்னத் தலை என்றால், உட்காருவது, தவழ்வது, பேச்சு எல்லாம் பார்ப்பார்கள், அப்பா அம்மா தலையையும் அளப்பார்கள். என் கணவர் தலையையும் அளந்தார், மனுஷனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எந்தப் பவுடரும் தலையைப் பெரிதாக்காது என்பதையும் மருத்துவர் சிரிக்காமல் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "கன்சல்டேஷன் ஃபீஸ், ரீஃபண்ட் இல்லை" என்கிறார்கள். ரசீதில் மருத்துவர் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டம், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாற்றுகளையும் இணை உணவுகளையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. இந்தப் பவுடர் அதற்குள் வருமா என்பது டப்பாவில் எந்த வயதுக்கு என்று அச்சடித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் டப்பாவின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துப் புகாரோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் வளாகத்துக்கு வந்தால், புள்ளி வைத்த தாளைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் அதைத் தரத் தயங்கினார்கள், மாமியார் பிடுங்காத குறையாக வாங்கி வந்தார். இப்போது புகாரில் இருக்கும் உருப்படியான சாட்சி அது ஒன்றுதான்.