பளபளக்கும் சட்டமா, மங்கிய சட்டமா: இரண்டு ரவிவர்மா படங்களின் பின்பக்கம்

ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது வெளியே வந்த இரண்டு சாமி படங்கள் அவை. பழைய சாமான் வாங்கி விற்கும் பாய் கடையில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். ஒன்று லட்சுமி, மற்றொன்று சரஸ்வதி. இரண்டும் ஒரே அளவு, இரண்டும் ரவிவர்மா அச்சகத்தின் வண்ண அச்சுப் படங்கள். லட்சுமிக்கு நான்கு விரல் அகலத்தில், இலையும் கொடியுமாகப் புடைத்த பொன்னிறச் சட்டம். சரஸ்வதிக்கு இரண்டு விரல் அகலத்தில், உட்புறம் மட்டும் மெல்லிய தங்கக் கரையிட்ட கருத்த தேக்குச் சட்டம். அதிலும் ஒரு மூலை சிதைந்திருந்தது. லட்சுமிக்குப் பதினான்காயிரம், சரஸ்வதிக்கு ஆறாயிரம் என்றார் பாய். என்னுடன் வந்த அக்காவின் கண் லட்சுமியை விட்டு நகரவில்லை. “இதுதானே பழசு? பார்த்தாலே தெரிகிறதே” என்றார்.

பார்த்தால் தெரியாது. திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டையும் பாய் அனுமதியோடு மேசையில் பழைய போர்வை விரித்துக் குப்புறப் படுக்க வைத்தோம்.

முதலில் சட்டத்தின் வடிவம். லட்சுமியின் சட்டம் உள்நோக்கிக் குழிந்து இறங்கும் வாய்க்கால் வடிவம். இலைக்கொடி அதன்மேல் ஒட்டியிருந்தது. கொடி செதுக்கிய மரமல்ல. சுண்ணப்பொடி, வஜ்ஜிரப் பசை, எண்ணெய், பிசின் கலந்து அச்சில் அழுத்தி எடுத்த மாவு வேலை. காய்ந்து சுருங்கும்போது அது குறுக்காக, ஏறக்குறைய சம இடைவெளியில், மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்புகள் இங்கே தெளிவாக இருந்தன. செதுக்கிய மரம் இப்படி வெடிக்காது. அது தன் நார்வாக்கில்தான் பிளக்கும். இத்தகைய மாவு வேலைச் சட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கவும் அதற்குப் பிறகும் ஐரோப்பாவில் ஏராளமாகச் செய்யப்பட்டன. ஆகவே அந்த வடிவம் சட்டத்துக்கு ஒரு காலத்தைக் கொடுத்தாலும் அது அகலமான காலம்தான். பழைய வடிவத்தைப் பின்னாளில் யாரும் திரும்பச் செய்யலாம் என்பதால், வடிவத்தை மட்டும் நம்பி ஆண்டு சொல்பவரிடம் நான் விலை பேசுவதில்லை.

மூலை அதைவிட நிறையப் பேசும். லட்சுமியின் நான்கு மூலைகளிலும் இலை பாதியில் வெட்டுப்பட்டு, எதிர்ப்புறத்து இலையோடு சேராமல் நின்றது. சாய்வெட்டின் கோடு பொன் பூச்சை ஊடுருவித் தெரிந்தது. பூச்சு, வேலைப்பாடு எல்லாம் முடிந்து நீளக் கழியாக வந்த சரக்கை வெட்டிச் சேர்த்தால் இப்படித்தான் இருக்கும். சரஸ்வதியின் உட்கரையில் தங்கம் மூலையைத் தடையின்றிக் கடந்து போனது. அதாவது சட்டத்தைச் சேர்த்த பிறகு, அந்தப் படத்துக்கென்றே ஒருவர் கையால் ரேக்கு என்னும் மெல்லிய தங்கத் தாளை ஒட்டியிருக்கிறார்.

அடுத்து பொன். பாய் ஈரத்துணியை எடுத்தார், நான் தடுத்துவிட்டேன். வெண்பூச்சு, அதன்மேல் செம்மண் பூச்சு, அதன்மேல் நீர் தொட்டு ஒட்டிய தங்க ரேக்கு என்ற முறையில் செய்த சட்டத்தை ஈரம் நொடியில் கரைத்துவிடும். துணியில் ஒட்டி வருவது அழுக்கு அல்ல, தங்கம்.

பூதக்கண்ணாடி போதும். சரஸ்வதியின் உட்கரையில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய குறுக்குக் கோடு. ஒரு ரேக்கின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறிய இடம் அது. கீழ்ப்பக்கம், பூவை எடுக்கவும் துடைக்கவும் கைபட்ட இடங்களில் மட்டும் தங்கம் தேய்ந்து செம்மண் எட்டிப் பார்த்தது. போலியாகத் தேய்த்தவர்கள் நான்கு பக்கமும் சமமாகத் தேய்ப்பார்கள். லட்சுமியில் அப்படி எதுவும் இல்லை. பள்ளங்களில் பச்சை கலந்த பழுப்பு தேங்கி, கண்ணாடியின் கீழ் துகள் துகளாகத் தெரிந்தது. பித்தளைப் பொடியைக் கலந்த பெயின்ட் அது. பெயர்ந்த ஓர் இடத்தில் அடியில் கருத்த வெள்ளித் தகடு. தகட்டின்மேல் மஞ்சள் வார்னிஷ் பூசிப் பொன்னாகக் காட்டும் தொழிற்சாலை வேலை. அதன் நிறம் மங்கியதும் பின்னாளில் ஒருவர் பொன் பெயின்ட் அடித்துவிட்டார்.

இனி ஆணிகள். வட சென்னையில் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். துறைமுகக் காற்றில் இருபது வருட ஆணிகூட நூறு வருட ஆணி போலத் துருப்பிடித்துவிடும். துருவைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். ஆணியின் உடம்பைப் பாருங்கள். கொல்லன் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பும், தலையில் சுத்தியல் வெட்டு இருக்கும். இயந்திரத்தில் தகட்டிலிருந்து வெட்டிய ஆணி சதுரமாக, இரண்டு பக்கம் மட்டும் கூம்பும். கம்பி ஆணி உருண்டை. அது உலகெங்கும் சாதாரணமாகப் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

இரண்டு சட்டங்களிலும் கம்பி ஆணிதான். வித்தியாசம் ஓட்டைகளில் இருந்தது. சரஸ்வதியில் ஒவ்வொரு ஆணியையும் சுற்றி மரம் கருத்திருந்தது; காலி ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஒருமுறை அடித்த ஆணி, அதன்பின் எவரும் பிடுங்கவில்லை. லட்சுமியில் ஆணியைவிடக் காலி ஓட்டைகள் அதிகம். சாய்வெட்டின் முகம் வெளுத்திருந்தது, மற்ற மரமோ கருத்திருந்தது. பெரிய சட்டம் ஒன்றை வெட்டிச் சிறிதாக்கி இந்தப் படத்துக்குப் பொருத்தியிருக்கிறார்கள். லட்சுமியின் சொந்தச் சட்டத்தைக் கரையான் தின்றிருக்கலாம் என்பது என் ஊகம்.

படமும் சட்டமும் ஒன்றாக வாழ்ந்தனவா என்பதற்குக் கடைசிச் சாட்சி தாளில் இருக்கிறது. பாய் சரஸ்வதியின் ஆணிகளை மெல்லத் தளர்த்தினார். பின்னால் இரண்டு பலகைகள், நடுவில் சிறு இடைவெளி. படத்தின் பின்புறம் அந்த இடைவெளி இருந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு பழுப்புக் கோடு. முன்புறம் ஓரத்தில், படம் உட்காரும் சட்டத்தின் உள்படி மறைத்த அகலத்துக்கு மட்டும் வண்ணம் மங்காமல் இருந்தது. அச்சகத்தின் பெயர் வரியும் வெட்டப்படாமல் அங்கேயே இருந்தது. லட்சுமியில் மங்காத ஓரம் உள்படியைவிட அகலம். அடியில் பெயர் வரி இல்லை. சட்டத்தில் நுழைப்பதற்காகத் தாளையே வெட்டியிருக்கிறார்கள்.

ஆக, காலம் எது? ரவிவர்மா அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. ஆகவே இரண்டு படங்களும் அதற்கு முந்தியவை அல்ல. ரவிவர்மா 1906-ல் மறைந்த பின்னும் அச்சு தொடர்ந்ததால், அவர் பெயர் மட்டும் கால எல்லை ஆகாது. கம்பி ஆணியும் 1894-க்குப் பிந்திய காலத்துக்கு இடையூறாக இல்லை. சரஸ்வதியின் சட்டம் படத்தோடு பிறந்தது என்றும், இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளுக்குள் இருக்கலாம் என்றும்தான் சொல்வேன். சட்டம் செய்தவரின் சீட்டுப் பின்னால் ஒட்டியிருந்தால் ஒழிய அதற்குமேல் நெருங்க முடியாது.

விலை விஷயத்தில் என் கணக்கு இது. லட்சுமியின் சட்டம் பழைய கழியின் விலைக்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. தாள் வெட்டுப்பட்டதால் படத்தின் மதிப்பு குறைந்துவிட்டது. அந்தச் சட்டத்தைத் தனியே விற்றாலும் பூசிய பெயின்டை எடுப்பவர் கூலி அதைவிட அதிகம். சரஸ்வதியின் சட்டமோ தங்கத்தால் அல்ல, தாளை முழுதாகக் காத்து அதன் வரலாற்றுக்குச் சாட்சியாக நிற்பதால் மதிப்பைக் கூட்டுகிறது. சிதைந்த மூலை அதைக் குறைக்காது. அதை மறைக்கப் பொன் பெயின்ட் அடித்தால் குறைத்துவிடும்.

அக்கா ஐயாயிரத்து ஐந்நூறுக்குச் சரஸ்வதியை எடுத்துக்கொண்டார். வீட்டில் பழைய ஆணிகளை ஒரு உறையில் போட்டு எண் எழுதினோம். பலகையின் அமிலம் தாளில் மேலும் இறங்காமலிருக்க, இடையில் அமிலமற்ற அட்டை ஒன்றை வெட்டி வைத்து, அதே ஓட்டைகளில் அதே ஆணிகளைத் திரும்பச் செருகினோம். மேல் விளிம்பில் மாலை மாட்டிய பித்தளைக் கொக்கியை மட்டும் அக்கா கழற்ற விடவில்லை.