வெயில் காலத்தில் காய்ச்சிய பால்: மூடி வைப்பதா, மறுபடி காய்ச்சுவதா, குளிர வைப்பதா, உறை ஊற்றுவதா?

காலையில் காய்ச்சிய பாலை மாலையில் மறுபடி அடுப்பில் ஏற்றும்போது பெரும்பாலோர் ஒரே ஒரு சோதனையைத்தான் நம்புகிறார்கள். திரிந்தால் கொட்டிவிடுவது, திரியாவிட்டால் குடிப்பது. இதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பக்கூடாது. திரியாத பாலும் நோய் தரும்; கோடையில் அது அபூர்வமும் இல்லை.

காய்ச்சும்போது பாலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் நான்கு வழிகளையும் எடைபோடுவது எளிது. பொங்கிய பாலில் உயிரோடு உலவும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ எல்லாமே இறந்துவிடும். ஆனால் பாசில்லஸ் இனத்தைச் சேர்ந்தவை ‘ஸ்போர்’ எனப்படும் கடினமான உறக்க நிலையில் இருந்தால் கொதிநிலையைத் தாங்கிவிடும். போதாததற்கு அந்தச் சூடே அவற்றை உறக்கத்திலிருந்து தட்டியெழுப்புகிறது. பால் ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். பச்சைப் பாலில் இவற்றோடு போட்டியிட லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருந்தன. அவை பாலைச் சீக்கிரமே புளிக்கவைத்து, கெட்டுவிட்டது என்று நமக்குச் சொல்லிவிடும். காய்ச்சும்போது அவை இறந்துபோகின்றன. ஆகவே காய்ச்சிய பால் கெடத் தாமதமாகும் என்பது எவ்வளவு உண்மையோ, கெடும்போது எச்சரிக்கை குறைவாகத் தரும் என்பதும் அவ்வளவு உண்மை.

இரண்டாவது ஆபத்து நம் கையிலிருந்து வருகிறது. ஆடையை விரலால் ஒதுக்குவது, ஈரக் கரண்டியை விடுவது, மூடியைக் கழுவாத இடத்தில் வைத்து எடுத்து மூடுவது ஆகியவற்றால் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாலுக்குள் போகலாம். இது பெருகும்போது ஒரு நச்சைச் சுரக்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் கொதிநிலை அந்த நச்சை அழிப்பதில்லை. பாசில்லஸ் சீரியஸின் சில வகைகள் சுரக்கும் வாந்தி நச்சும் அப்படித்தான்.

இனி ஒரே பாலை நான்கு விதமாக வைத்துப் பார்ப்போம். அறையின் வெப்பம் 36 டிகிரி செல்சியஸ், பால் ஒரு லிட்டர், காலை 6 மணிக்குப் பொங்கவைத்து இறக்கியதாகக் கொள்வோம்.

முதல் வழி, அடுப்பிலேயே மூடி வைத்துவிடுவது. கனமான பாத்திரம் என்றால் 60 டிகிரிக்குக் கீழே வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை எதுவும் பெருகாது. அடுத்த ஒரு மணி நேரத்தில் 45 டிகிரியை நெருங்கும். ஆக 8 மணிவாக்கில்தான் நுண்ணுயிரிகளுக்கு வசதியான சூடு வருகிறது. அதன்பின் பால் குளிர்வதே இல்லை, ஏனென்றால் அறையே 36 டிகிரி. அவற்றுக்கு மிகவும் பிடித்த வெப்பமும் 30 முதல் 40 வரைதான். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாவதாக நிதானமாகவே கணக்கிட்டாலும், 8 மணிக்கு இருந்தது பிற்பகல் 1 மணிக்கு ஆயிரம் மடங்கு, மாலை 6 மணிக்குப் பத்து லட்சம் மடங்கு. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல், கெடக்கூடிய உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. இந்தக் கடிகாரம் பால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதிலிருந்து ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், நம் பாலுக்குக் காலை 8 மணியோடு அவகாசம் முடிகிறது. மத்தியானம் வரை மூடி வைத்த பாலைக் குடித்து ஒன்றும் ஆகாத நாட்கள் நிறைய இருக்கும். பாலில் எத்தனை ஸ்போர் இருந்தது, கை எவ்வளவு சுத்தம் என்பதையெல்லாம் பொறுத்த விஷயம் அது. ஆனால் அந்த இரண்டையும் பாத்திரத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அளவு குறையக் குறைய இந்தக் கணக்கு மாறிவிடும். பாத்திரத்தின் அடியில் எஞ்சிய கால் டம்ளர் பால் சில நிமிடங்களிலேயே ஆறிவிடும், பலமுறை கரண்டி பட்டதும் அதுதான். காலையில் இறக்கிய முழுப் பாத்திரத்தைவிட இந்த மிச்சத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இரண்டாம் வழி, மணிக்கணக்கு வைத்து மறுபடி மறுபடி காய்ச்சுவது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் இதுதான் நடைமுறை. இதைக் குறைத்துப் பேசுபவர்களோடு நான் உடன்படவில்லை. 1877-இல் ஜான் டின்டால் என்ற இயற்பியலாளர் இதே தத்துவத்தைத்தான் கிருமி நீக்கத்துக்குப் பயன்படுத்தினார். கொதிக்கவைத்து, ஸ்போர்கள் முளைக்க நேரம் கொடுத்து, முளைத்தவற்றை மறுபடி கொதிக்கவைத்துக் கொல்லும் முறை அது. ஆனால் அவர் பாத்திரத்தைத் திறந்து கரண்டி விடவில்லை. நாம் ஒவ்வொரு முறையும் திறக்கிறோம், புதிதாக ஏதாவது உள்ளே போகிறது.

ஆகவே இந்த வழி இடைவெளியைப் பொறுத்தே பிழைக்கிறது. ஒரு லிட்டர் பாலைக் காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் 12 மணிக்கும் பொங்கவைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது இளஞ்சூட்டில் நிற்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடவோ குறையவோதான். பெருகத் தொடங்குவதற்குள் கொன்றுவிடுகிறோம்; நச்சு சேர வழியில்லை. அதே பாலைக் காலை 6 மணிக்குப் பிறகு மாலை 4 மணிக்குக் காய்ச்சினால் கதை வேறு. எட்டு மணி நேரம் பெருகியவை செத்துப்போகும், அவை சுரந்தது பாலிலேயே இருக்கும். அதற்குமேல் எவ்வளவு நேரம் தளதளவென்று கொதிக்கவைத்தாலும் பயனில்லை. காய்ச்சுவது தடுக்கும், சரிசெய்யாது. மேலும், ஓரம் சூடானதும் இறக்கிவிடக்கூடாது. முழுதாகப் பொங்க வேண்டும். அரைகுறையாகச் சூடாக்கி வைப்பது பாலை மறுபடி இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்து விடுவதாகவே முடியும்.

மூன்றாம் வழி, விரைவாக ஆறவைத்துக் குளிரில் வைப்பது. வசதி இருந்தால் மற்ற மூன்றையும் இது எளிதாக மிஞ்சுகிறது. 5 டிகிரிக்குக் கீழே பெருக்கம் மிக மெதுவாகிவிடுகிறது. காய்ச்சிய பால் இரண்டு நாட்களுக்குக் கவலையில்லாமல் இருக்கும். இதில் பிழை நேர்வது ஆறவைக்கும் கட்டத்தில்தான். தானாக ஆறட்டும் என்று நான்கு மணி நேரம் மேடையில் விட்டுவிட்டுப் பிறகு உள்ளே வைப்பவர்கள், முதல் வழியின் ஆபத்தை அனுபவித்துவிட்டுத்தான் மூன்றாம் வழிக்கு வருகிறார்கள். சூடான பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூடாகவே நிற்கும், பக்கத்தில் இருப்பவையும் சூடாகும். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பால் பாத்திரத்தை நிறுத்துங்கள். சுத்தமான கரண்டியால் அவ்வப்போது கலக்கி, தண்ணீர் சூடானதும் ஒருமுறை மாற்றினால் அரை மணி நேரத்துக்குள் உள்ளே வைக்கும் அளவுக்கு வந்துவிடும். பிறகு தேவைப்படும் அளவை மட்டும் வெளியே எடுத்துச் சூடாக்க வேண்டும். முழுப் பாத்திரத்தையும் எடுத்து, காய்ச்சி, மறுபடி உள்ளே வைப்பது தேவையில்லாத ஒரு சுற்று. மின்சாரம் போனால் கதவைத் திறக்காத பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும்.

பெட்டி இல்லாதவர்கள் ஈரத்துணி சுற்றியோ தண்ணீரில் நிறுத்தியோ வைப்பதுண்டு. வறண்ட காற்றில் சில டிகிரி குறையும். புழுக்கமான நாளில் ஈரம் அதிகம் ஆவியாவதில்லை என்பதால் பெரிதாக எதுவும் குறையாது. காய்ச்சும் இடைவெளியை இதை நம்பி நீட்டக்கூடாது.

நான்காம் வழி, பாலாக வைத்திருக்கும் முயற்சியை விட்டுவிட்டுத் தயிராக்குவது. 40 டிகிரி அளவில் உறை ஊற்றினால் கோடையில் நான்கைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். அப்போது, புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். அளவு 4.6-ஐ நெருங்கும்; பாசில்லஸ் சீரியஸ் அந்தப் புளிப்பில் வளராது. சூடான நாளில், குளிர்பதனப் பெட்டி இல்லாத நிலையில், மாலைவரை பாலைக் காவல் காப்பதைவிட இதுவே எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஒரே நிபந்தனை, முடிவைக் காலை 8 மணிக்கே எடுக்க வேண்டும். மாலையில் சந்தேகம் வந்த பிறகு உறை ஊற்றினால், அதுவரை சேர்ந்த நச்சு தயிரிலும் அப்படியே இருக்கும்.

இப்போது திரிதலுக்கு வருவோம். புதிய பாலின் பி.எச். ஏறத்தாழ 6.7. அறை வெப்பத்தில் பால் தானாகக் கட்டியாக அது 4.6 அளவுக்கு இறங்க வேண்டும். ஆனால் சூடு ஏறினால் பாலின் புரதமான கேசீன் அவ்வளவு புளிப்புக்குக் காத்திருப்பதில்லை, 6-ஐ ஒட்டிய அளவிலேயே கொதிக்கும்போது திரிந்துவிடும். அதனால்தான் பாத்திரத்தில் நல்ல வெள்ளையாக, வாசனை மாறாமல் இருந்த பால் அடுப்பில் ஏறியதும் திப்பித்திப்பியாகப் பிரிகிறது. சூடு அதைக் கெடுக்கவில்லை, ஏற்கெனவே சேர்ந்திருந்த அமிலத்தை வெளிப்படுத்தியது. பாலேட்டில் வழக்கத்துக்கு மாறான சிறு மணிகளும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் துகள்களும் இதன் தொடக்கம்.

அந்த அளவுக்கு அமிலம் சேர வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்க வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் நோய் தரும் அளவுக்கு நச்சு சுரக்க ஏறத்தாழ ஒரு லட்சம் போதும். லட்சத்துக்கும் கோடிக்கும் இடையே நூறு மடங்கு. அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பு என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவு நேரமும் பால் கெட்டதாகவும் இருக்கலாம், அடுப்பில் திரியாமலும் இருக்கலாம்.

புளிக்காமலே திரிவதும் உண்டு. பாசில்லஸ் வகைகள் சுரக்கும் நொதி கேசீனை வெட்டுவதால் பால் இனிப்பாகவே கட்டியாகும், சில நேரம் லேசாகக் கசக்கும். ‘புளிக்கவில்லையே, பரவாயில்லை’ என்று சர்க்கரை போட்டுக் கிளறத் தோன்றுவது இந்தப் பால்தான், கொட்ட வேண்டியதும் இதுவே. எலுமிச்சைச் சாறு விட்டு நாமே திரிக்கும் பால் நல்ல பால். தானாகத் திரிந்ததைப் பிழிந்து பாலாடைக்கட்டி ஆக்கினால் நச்சு அதிலும் தங்கும்.

மறுபுறம், நல்ல பாலும் திரிய வாய்ப்புண்டு. மோர் இருந்த பாத்திரத்தைச் சரியாகக் கழுவாதது, புளிப்பான பழச்சாற்றைச் சூடான பாலில் விட்டது போன்றவை அமிலத்தை வெளியிலிருந்து கொண்டுவருகின்றன. காய்ச்சி இறக்கி அரை மணி நேரம்கூட ஆகாத பால் திரிந்தால் முதலில் பாத்திரத்தைச் சந்தேகியுங்கள்.

சிறு குழந்தைகள், கருவுற்றவர்கள், முதியோர் ஆகியோருக்கு மேலே சொன்ன மணிக்கணக்கில் கொஞ்சம்கூடத் தளர்வு வேண்டாம். இன்னொன்று, புதிய பால் வந்ததும் பழைய பாத்திரத்திலேயே ஊற்றிச் சேர்த்துக் காய்ச்சும் வழக்கம். பழைய பாலில் நச்சு இருந்தால் அது முழுப் பாலுக்கும் பரவும். பழையதில் சேர்ந்திருந்த அமிலமோ புதிய பாலில் நீர்த்துப்போகும். தனியாகக் காய்ச்சியிருந்தால் திரிந்து காட்டிக்கொடுத்திருக்கும் பால், இப்போது திரியாமல் பொங்கி இறங்கும்.