கடுக்காயும் இரும்பு ஆணியும்: இரண்டு ஜோடித் தோல் செருப்புகளோடு நான்கு ஆண்டுகள்

போன ஐப்பசியில் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது, கட்டைவிரல் வளையத்தைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. விரலிலும் அதே கறை. அந்தச் செருப்பை மூன்று ஆண்டுகள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவன் நான். அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. இந்த வாரம் கோவையிலிருந்து மைத்துனர் தொலைபேசியில், "உங்களிடம்தான் இரண்டு வகையும் இருக்கிறதே மாமா, பட்டையில் பதனிட்டதை வாங்கட்டுமா, குரோம் தோலை வாங்கட்டுமா?" என்று கேட்டார். பத்து நிமிடம் பேசியும் பதிலை முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் ஜோடி, பெலகாவி மாவட்டத்து அதணியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் நேரில் வாங்கிய கோலாப்புரி. அடிப்பகுதி எருமைத் தோல். கருவேலம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் வாரக்கணக்கில் கிடந்து பதமானது. நம் ஊரில் திண்டுக்கல், திருச்சிப் பக்கம் இதே வேலைக்கு ஆவாரம்பட்டை போடுவார்கள். இரண்டாவது ஜோடி, சென்னையில் ஒரு கடையில் வாங்கிய சாதாரணக் குரோம் தோல் செருப்பு. குரோமியம் உப்பில் ஓரிரு நாளில் பதனிடப்பட்ட தோல், அடியில் ரப்பர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

போட்டுப் பழகும் காலத்தைப் பொறுத்தவரை குரோம் ஜோடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் போட்டேன், அப்படியே வீட்டுக்கு நடந்து வந்தேன். கோலாப்புரி அப்படி இல்லை. மூன்றாம் நாளே கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் உரிந்துவிட்டது. செருப்புக் கடிக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, வேறு வழி தேடினேன். இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பட்டையின் சாரம் தண்ணீரோடு வெளியேறிவிடும், அடுக்குகளும் பிரியத் தொடங்கும். நான் செய்தது இதுதான். ஈரத்துணியால் வாரின் உட்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு, வீட்டுக்குள் அரைமணி நேரம் போட்டுக்கொண்டு நடந்தேன். ஈரமான பட்டைத் தோல் களிமண்போல் வளைந்து கொடுக்கும், காயும்போது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். காய்ந்த பிறகு இரண்டு சொட்டு விளக்கெண்ணெயை வாரின் உட்புறத்தில் தேய்த்தேன். ஒன்பதாம் நாளில் கடி நின்றது.

அதன் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஆறு மாதத்தில் அடித்தோலில் என் குதிகாலுக்கு ஒரு குழி, ஐந்து விரல்களுக்கும் ஐந்து பள்ளங்கள். கண்ணை மூடிக்கொண்டு காலை நுழைத்தாலும் அது தன் இடத்தைத் தேடிப் போய் உட்காரும். சித்திரை வெயிலில் பாதத்தில் வியர்வை தங்குவதே இல்லை, தோல் உறிஞ்சிக்கொள்கிறது. குரோம் ஜோடியில் அதே வெயிலில் பாதம் வழுக்கும். ஆனால் அது குரோமின் குற்றமன்று. மேலே பளபளப்புக்காகப் பூசியிருக்கும் பூச்சு வியர்வையைத் தடுக்கிறது. பூச்சில்லாத குரோம் தோலாக இருந்தால் இந்தக் குறை குறைந்திருக்கும். இன்னொன்று, குரோம் வார் மெதுவாக இழுபட்டுக்கொண்டே போகிறது. முதல் ஆண்டு முடியும்போது பாதம் முன்னால் சரிந்து விரல் வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கியது. பட்டைத் தோல் வார் ஒருமுறை காலுக்குப் பழகிய பிறகு அசையவே இல்லை.

காரணம் எளிமையானது. பட்டையின் துவர்ப்புச் சாரம் தோலின் நார்களுக்கு நடுவே நிறைய அளவில் போய் அடைந்து நிற்கிறது. அதனால் கெட்டி, அதனால் வடிவம் நிற்கிறது, அதனாலேயே தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது. குரோமியமோ மிகக் கொஞ்சமாகச் சென்று நார்களை ஒன்றோடொன்று வலுவாகப் பிணைக்கிறது. இடைவெளி காலியாகவே இருப்பதால் மென்மையும் நெகிழ்வும் கிடைக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பிப் பெரியமேட்டில் இரண்டு வகைத் தோலிலும் வெட்டுத் துண்டுகள் வாங்கி வந்தேன். வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். பட்டைத் தோல் உள்ளே வரைக்கும் பழுப்பு, சாயம் ஏற்றாத குரோம் தோலின் நடுவில் நீலச் சாம்பல் நிறம். இரண்டையும் ஒரு பழைய பாத்திரத்தில் கொதிக்கும் நீரில் போட்டேன். குரோம் துண்டு போட்டபடியே கிடந்தது. பதனிடும் இடங்களிலும் குரோம் சரியாக ஏறியிருக்கிறதா என்று இப்படித்தான் சோதிப்பார்கள். பட்டைத் தோல் துண்டு ஒரு நிமிடத்துக்குள் சுருண்டு பாதியாகிவிட்டது. ஆறிய பிறகு எடுத்தால் மரச்சில்லுபோல் ஒடிந்தது. ஈரத்தோடு சூடு சேர்ந்தால் பட்டைத் தோலுக்கு என்ன ஆகும் என்பதை அதற்குப் பிறகு எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏனென்றால் முதல் மழைக்காலத்தில் நான் அந்தத் தவறைச் செய்திருந்தேன். நனைந்த கோலாப்புரியை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். மாலையில் எடுக்கும்போது விளிம்புகள் மேல்நோக்கி வளைந்து, வார் விறைத்திருந்தது. மீட்க ஒரு மாதம் ஆனது. இப்போது நனைந்தால் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் சுவரோரம் பக்கவாட்டில் சாய்த்து வைக்கிறேன், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி. சென்னையின் கார்த்திகை ஈரத்தில் முழுதாகக் காய இரண்டு நாள் ஆகும். முக்கால்வாசி காய்ந்த நிலையில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பிறகு மேலே கனமான புத்தகம். எண்ணெய் அதிகமானால் வார் தொளதொளத்துவிடும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போதும். மூடிய செருப்பு அலமாரியில் வைத்தால் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும், எனக்குப் பிடித்தது. குரோம் ஜோடிக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. மழையில் நனையும், துடைத்தால் மறுநாள் தயார். ஆனால் மூன்றாம் ஆண்டு மழையில் அதன் ரப்பர் அடி வாயைப் பிளந்துகொண்டது. தோல் தாங்கியது, பசை தாங்கவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். எருமைத் தோலில் தோல் வாரால் தைத்த கோலாப்புரிக்கு அந்தப் பயமே இல்லை.

இனி அந்தக் கறுப்பு வட்டத்துக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டு முடிவில் கட்டைவிரல் வளையத்தின் தையல் தளர்ந்தது. தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தேன். அவர் எல்லாச் செருப்புக்கும் செய்வதுபோல நான்கு சிறிய இரும்பு ஆணிகளை அடித்து இறுக்கிக் கொடுத்தார். வேலை உறுதியாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மழையில் இரும்பு கரைந்து, தோலில் இருந்த கடுக்காய்ச் சாரத்தோடு சேர்ந்தது. கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. என் செருப்பில் நடந்தது அதேதான். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் நல்ல கறுப்பு மை ஊறி நின்றது. குரோம் தோலில் அடித்திருந்தால் துருக்கறையோடு போயிருக்கும், இப்படி மையாகியிருக்காது.

எதிலும் மனம் ஒட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதோடு உட்கார்ந்தேன். ஆணிகளைக் குறடால் பிடுங்கினேன். எலுமிச்சைச் சாற்றைத் துணியில் தொட்டுக் கறையின் மேல் மட்டும் ஒற்றினேன். சாற்றின் புளிப்பு இரும்பைப் பிடித்து இழுப்பதால் கறுப்பு கண்முன்னே பழுப்பாக வெளுத்தது. மூன்று முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் சாற்றைத் துடைத்தெடுத்தேன், தங்கினால் தோலை அரிக்கும். கடைசியாக எண்ணெய். முக்கால்வாசிக் கறை போய்விட்டது. ஆணித் துளைக்குள் இறங்கியது போகவில்லை, போகாது. பிறகு வளையத்தை மெழுகு நூலால் தைத்துக்கொண்டேன். ஆணிதான் வேண்டும் என்றால் பித்தளை ஆணியை நீங்களே வாங்கிக் கையில் கொடுங்கள்.

மைத்துனருக்கான பதில்: குரோம் வாங்குங்கள். நீங்கள் மழையில் பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறவர். நனைந்த கிரானைட் படியில் தோல் அடி வழுக்கும், எனக்கு இரண்டு முறை வழுக்கியது. இரண்டு நாள் செருப்பு காய்வதற்குக் காத்திருக்கும் வாழ்க்கை உங்களுடையது அல்ல. வாங்கும்போது வார் சற்று இறுக்கமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், எப்படியும் தளரும். அடி பசையில் மட்டும் நிற்கிறதா, சுற்றித் தையலும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். தையல் இருந்தால் மழை உங்களை ஒன்றும் செய்யாது.

அவரை மறுபடி அழைத்து இதைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அன்று மாலை ஒரு பெரிய காகிதத்தைத் தரையில் விரித்து, இரண்டு பாதங்களையும் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். அதணிக்கு அனுப்பிய உறையில் அந்தக் காகிதத்தோடு ஒரு குறிப்பும் வைத்தேன்: எருமைத் தோல், சாயம் வேண்டாம், வளையம் முழுவதும் தோல் வாரால் தைக்க வேண்டும், எங்கும் ஓர் ஆணிகூட வேண்டாம்.