ஆண்களுக்குப் பயனில்லை என்று எப்போது எழுதலாம்?

கிளிநொச்சிப் பக்கம் பிரஷர் உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தால் குருதி அமுக்கம் குறையுமா என்று ஒரு ஆய்வு நடந்ததாக வைத்துக்கொள்வோம். எண்கள் நான் கணக்குக்காகப் போட்டவை. பெண்கள் 300, ஆண்கள் 100. பகலில் வீட்டுக்குப் போனால் பெண்கள்தான் இருப்பார்கள், ஆண்கள் வயலிலோ கூலி வேலையிலோ நிற்பார்கள். அதனால் இந்த விகிதம் களத்தில் நின்றவர்களுக்குப் புதிதல்ல. இரு பாலாரிலும் எழுமாறாகப் பாதிப் பேருக்கு வீட்டுச் சந்திப்பு, மீதிப் பேருக்கு வழமையான கிளினிக்.

முடிவு இது: வீட்டுச் சந்திப்பால் பெண்களில் 5 மி.மீ. கூடுதலாகக் குறைந்தது, 95% நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மையான அளவு இருக்கக்கூடிய எல்லை, 1.6 முதல் 8.4 வரை. ஆண்களில் 4 மி.மீ., ஆயிடை −1.9 முதல் 9.9 வரை. இதை எழுத மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழிதான் அதிகம் கண்ணில் படுவது. வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க உதவும் p என்ற எண்ணைப் பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்று போட்டு, "பெண்களில் பயன் உண்டு, ஆண்களில் இல்லை" என்று முடித்துவிடுவது. ஆனால் 5-உம் 4-உம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆண்களின் ஆயிடைக்குள் பூச்சியமும் கிடப்பதற்குக் காரணம் அவர்களுடைய உடம்பு அல்ல, 100 பேர்தான் இருந்தார்கள் என்பது. இந்த வாக்கியத்தை நம்பி ஒருவர் ஆண்களை வீட்டுச் சந்திப்பிலிருந்து நிறுத்தினால், நட்டம் ஆண்களுக்கு. பக்கவாதம் வரும் அபாயம் உள்ளவர்களுக்கு அஸ்பிரின் கொடுத்துப் பார்த்த 1978-ஆம் ஆண்டுக் கனேடிய ஆய்விலும் இதுதான் நடந்தது. 585 பேர், அதில் பெண்கள் ஆண்களைவிடக் குறைவு. ஆண்களுக்குப் பயன், பெண்களுக்கு இல்லை என்று வந்தது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இரு பாலாருக்கும் பயன் இருந்தது.

இரண்டாவது வழி, வித்தியாசத்தையே சோதிப்பது. இதை இடைத்தாக்கச் சோதனை என்பார்கள். 5-இலிருந்து 4-ஐக் கழித்தால் 1. அதன் ஆயிடை −5.8 முதல் 7.8 வரை, p ஏறக்குறைய 0.77. சரி, வித்தியாசத்துக்குச் சான்று இல்லை. ஆனால் "இரு பாலாருக்கும் ஒன்றுதான்" என்று துள்ளவும் கூடாது. ஆயிடை அவ்வளவு அகலம். முழு ஆய்விலும் கிடைக்கும் பயனின் அளவுக்குச் சமமான ஒரு பால் வித்தியாசத்தைப் பிடிக்கவே, இரு பாலாரும் சரிபாதியாக இருந்தாலும், அந்தப் பயனைப் பிடிக்கத் தேவையானவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

மூன்றாவது, பிரிக்காமல் ஒரே முடிவு சொல்வது: 4.75 மி.மீ., 1.8 முதல் 7.7 வரை. தலைப்பு முடிவாக நான் இதைத்தான் வைப்பேன். பால்வாரியான அட்டவணையையும் இடைத்தாக்க ஆயிடையையும் அதற்குக் கீழே தருவேன், ஒளிக்க மாட்டேன். அடுத்து இதே கேள்வியைச் செய்பவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட அவை தேவை. ஆய்வுகளில் பாலையும் பால்நிலையையும் எப்படி எழுதுவது என்று சொல்லும், 2016-இல் வெளிவந்த சேஜர் வழிகாட்டிகளும் தரவைப் பால்வாரியாகப் பிரித்துத் தரச் சொல்கின்றன. பிரித்துத் தருவது வேறு, பிரிவிலிருந்து முடிவு எடுப்பது வேறு.

முடிவு எடுப்பது எப்போது நியாயம்? தரவைப் பார்க்கும் முன்பே, ஏன் வித்தியாசம் வரும், எந்தப் பக்கம் வரும் என்று எழுதி வைத்திருந்தால். அதற்குத் தேவையான ஆட்களையும் சேர்த்திருந்தால். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது, காலையில் இரத்தத்தில் கூடுதலாக மிஞ்சுகிறது. அதனால் 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக்கியது. அங்கே வித்தியாசத்துக்கு ஒரு வழி தெரியும், அளந்தும் காட்டலாம். வீட்டுச் சந்திப்பில் அப்படி என்ன உடல் வழி?

அங்குதான் ஆய்வுப் படிவம் இடிக்கிறது. இங்கே பால் என்றால் உடல், பால்நிலை என்றால் சமூகம் கொடுத்த வேலையும் வாழ்க்கையும். எங்கள் படிவங்களில் "பால்: ஆண் / பெண்" என்று ஒரே பெட்டி. அதையும் ஆளைக் கேட்காமல், முகத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பவரே புள்ளடி போடுவார். ஆண்களில் உண்மையிலேயே பயன் குறைந்திருந்தால் காரணம் ஹோர்மோனா, அல்லது சந்திப்பு வந்த பத்து மணிக்கு அவர் வீட்டில் இல்லாததா? கணவனை இழந்து, தானே கூலிக்குப் போகும் பெண்ணும் அந்த நேரம் வீட்டில் இருக்க மாட்டார். அவர் "பெண்" பெட்டியில் சேர்ந்து, பெண்களின் சராசரியைச் சத்தமில்லாமல் கீழே இழுப்பார்.

இதைச் சொன்னபோது, ஆய்வுக் கட்டுரைகளுக்கு வரைவு எழுதும் தம்பி ஒருவர் கேட்டார்: "அப்ப என்னண்ணை செய்யிறது, இன்னொரு கேள்வியே போடுறது?" ஓம், இரண்டு போடலாம். பகலில் எங்கே வேலை? சந்திப்பு வந்த நாள்களில் எத்தனை முறை வீட்டில் இருந்தீர்கள்? பால் பெட்டி அப்படியே இருக்கட்டும், ஆனால் அது யார் சொன்ன விடை என்று முறைகள் பகுதியில் ஒரு வரி எழுதவேண்டும்.